மாதம் நூறு வெள்ளி, பதினெட்டு ஆண்டு

தேநீரை ஆற்றிக்கொண்டே தம்பி கேட்டார்: "அண்ணே, பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகுது. மாசம் நூறு வெள்ளி ஒதுக்கலாம்னு நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். எங்க போடுறது?"

தானா ராத்தாவில் ஒட்டுக்கடை மேசையில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே கொழுந்து கிள்ளிய தமிழர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது காய்கறி லோரி ஓட்டுகிறார்கள், ஹோட்டலில் வேலை பார்க்கிறார்கள், தொழிற்சாலையில் தேயிலையைப் பொட்டலம் கட்டுகிறார்கள். மலைச் சரிவில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இயந்திரமும்தான். ஆனால் தோட்ட வீட்டில் இன்னும் நம்மவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தம்பியும் அப்படித்தான். அவர் லோரி ஓட்டுநர், மாதம் 2,100 வெள்ளி. அவர் மனைவி தேயிலைத் தொழிற்சாலையில், 1,800 வெள்ளி. வீடு மனைவியின் வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் கணக்கையே மாற்றப்போகிறது.

எங்கே போடுவது என்பதற்கு முன்னால், எதற்குப் போடுகிறோம் என்று கேட்டேன். "படிப்புக்குத்தான்" என்றார். படிப்பு என்று சொன்னால் போதாது. மருத்துவமா, தனியார் கல்லூரியா, அரசாங்கப் பல்கலைக்கழகமா என்று ஆறு மாதக் குழந்தையிடம் கேட்க முடியாது. ஆனால் எந்த வழியில் போனாலும் தவிர்க்க முடியாத ஒரு செலவு உண்டு. இந்த மலையில் பல்கலைக்கழகம் இல்லை. தாப்பா இறங்கி வடக்கே கம்பாரில் இருக்கும் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் ஆனாலும், கெடாவில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் ஆனாலும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆனாலும் பிள்ளை வீட்டை விட்டுப் போய்த் தங்கித்தான் படிக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. பெற்றோரின் பையைக் கரைப்பது அறை வாடகை, சாப்பாடு, பஸ், மடிக்கணினி, விடுமுறைக்கு வீடு வந்து போவது. ஆகவே குறியை இப்படி வைப்போம் என்றேன்: நான்கு ஆண்டு வெளியூரில் தங்கிப் படிக்கும் வாழ்க்கைச் செலவு. கட்டணத்துக்குக் கடனோ உபகாரச் சம்பளமோ கிடைக்கலாம். சாப்பாட்டுக்கு அப்பன் பையிலிருந்துதான் போக வேண்டும்.

இன்றைய நிலையில் மாதம் 700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்து மாதம், நான்கு ஆண்டு, மொத்தம் 28,000 வெள்ளி. விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறுகிறது என்று பிடித்தால், பதினெட்டு ஆண்டு கழித்து அதே சாப்பாடும் அதே அறையும் ஏறக்குறைய 48,000 வெள்ளியாகிவிடும். இந்த 48,000-தான் நம் குறி. 3 விழுக்காடு என்பது என் அனுமானம்தான். ஆனால் விலை ஏறாது என்று நினைத்து 28,000-ஐக் குறியாக வைப்பதைவிட இது மெய்க்கு நெருக்கமானது.

தம்பி உடனே சொன்னார்: "அதான் இபிஎப்ல இருக்கே அண்ணே. படிப்புக்கு எடுக்கலாம்ல?"

எடுக்கலாம். ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே மாதத்திலிருந்து சந்தாவை மூன்று கணக்காகப் பிரிக்கிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கு, 10 விழுக்காடு எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்குக்கு. பிள்ளையின் மேற்படிப்புக்கு எடுக்கும் பணம் செஜாத்ராவிலிருந்து வருகிறது. தம்பியின் 2,100 வெள்ளிச் சம்பளத்தில் அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து மாதம் சுமார் 504 வெள்ளி. அதில் 15 விழுக்காடு என்றால் 75 வெள்ளி. அவர் ஒன்றும் செய்யாமலேயே மாதாமாதம் 75 வெள்ளி படிப்புக்கு எடுக்கக்கூடிய கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது! சம்பளமே ஏறாவிட்டாலும், ஆண்டுக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு வந்தால் பதினெட்டு ஆண்டில் அது 27,000 வெள்ளிக்குப் பக்கத்தில் வரும். 2023-இல் வாரியம் கொடுத்தது 5.50 விழுக்காடு, 2024-இல் 6.30. ஆக இது கனவுக் கணக்கு அல்ல.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் தோட்ட வீடு குறுக்கே வருகிறது. செஜாத்ரா கணக்கு படிப்புக்கு மட்டும் உள்ளது அல்ல. வீடு வாங்கவும், வீட்டுக் கடன் கட்டவும், பெரிய வைத்தியத்துக்கும் அதே பணம்தான். சொந்த வீட்டில் இருப்பவர் அதைப் படிப்புக்கு எடுத்தால் ஓய்வுக்காலம் கொஞ்சம் ஒல்லியாகும், அவ்வளவுதான். தோட்ட வீட்டில் இருப்பவர் எடுத்தால், வேலை முடியும் நாளில் குடியிருக்க இடம் இல்லாமல் போகலாம். இவருக்கு அந்த 27,000 வீட்டின் முன்பணம். பட்டதாரிப் பிள்ளை ஊரில் வாடகை அறையில் இருக்க, அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரர் வீட்டு முன்னறையில் படுத்திருக்கும் குடும்பங்கள் இந்த நாட்டுத் தோட்டப்புறங்களில் அபூர்வம் அல்ல. அதனால் நான் கண்டிப்பாகச் சொல்வது: தோட்டக் குடும்பத்துக்குப் படிப்புப் பணம் தனியாக, இபிஎப்புக்கு வெளியே, அதற்கென்றே போட்ட கணக்கில் இருக்க வேண்டும்.

"சரி, அந்த நூறு வெள்ளியையும் விருப்பச் சந்தாவா இபிஎப்லயே போட்டா? லாபம் அதிகமா குடுக்குதே" என்றார் மனைவி. நல்ல கேள்வி, பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். விருப்பமாகப் போடும் பணமும் அதே மூன்று கணக்காகத்தான் பிரியும். நூறு போட்டால் 75 வெள்ளி, தம்பிக்கு 55 வயதாகும்வரை பூட்டப்பட்டுவிடும். அவருக்கு இப்போது 30. பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போது 48. கைக்கு எட்டுவது நூற்றில் இருபத்தைந்துதான். ஓய்வுக்காலத்துக்கு அது அருமையான இடம், படிப்புக்கு இல்லை.

படிப்புக்கென்றே அரசாங்கம் வைத்திருப்பது தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டம், எல்லாரும் சொல்வது எஸ்எஸ்பிஎன். பிடிபிடிஎன் என்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997-இல் கடன் கொடுக்கத்தான் உருவானது. கடனையே நம்பி இருக்கக்கூடாது என்று 2004-இல் இந்தச் சேமிப்பையும் தொடங்கினார்கள். பெற்றோர் பணம் போடுபவர், பிள்ளை பயனாளி. போட்ட முதலுக்கு அரசாங்கம் உத்தரவாதம். அண்மை ஆண்டுகளில் லாப ஈவு பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையே இருந்திருக்கிறது. இபிஎப்பைவிடக் குறைவுதான். ஆனால் தேவைப்படும் ஆண்டில் பணம் முழுதாக இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு அதுதான் பெரிது.

இரண்டு வகை உண்டு. பிரைம் என்பதில் 20 வெள்ளியிலிருந்து, நினைத்தபோது போடலாம். பிளஸ் என்பதில் மாதம் 30 வெள்ளியிலிருந்து ஒரு நிலையான தொகையைக் கட்ட வேண்டும், அதோடு தகாபுல் காப்புறுதியும் வரும். மழையிலும் பனியிலும் ரிங்லெட் வளைவுகளில் லோரி ஓட்டுபவருக்கு அந்தக் காப்புறுதி வீண் செலவு அல்ல. சேமிக்கும் ஆளே போய்விட்டால் சேமிப்பும் அன்றோடு நின்றுவிடும் அல்லவா? அதனால் நூறில் 30 வெள்ளி பிளஸில், மீதி 70 பிரைமில் என்று பிரிக்கச் சொன்னேன். கீழே வரும் கணக்கில் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். காப்புறுதிக்குப் போகும் சிறு தொகையால் கடைசித் தொகை கொஞ்சம் குறையும்.

இந்தத் திட்டத்தை விற்கும்போது இரண்டு இனிப்பைக் காட்டுவார்கள். ஒன்று, ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு. இது யாருக்கு இனிக்கும்? வரி கட்டுபவருக்கு. இபிஎப் பிடித்தது போக ஆண்டுக்கு 37,333 வெள்ளிக்குக் கீழே சம்பாதிக்கும் ஆளுக்கு வரியே இல்லை. தம்பியும் மனைவியும் தனித்தனியே அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். இவர்களுக்கு அந்த விலக்கு சுழியம். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருக்கும் ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 3,000 வெள்ளி போட்டால் 330 வெள்ளி மிச்சப்படுத்துவார். அவருக்கும் ஒரு எச்சரிக்கை. விலக்கு என்பது அந்த ஆண்டில் போட்டதில் எடுத்ததைக் கழித்த மீதிக்குத்தான். டிசம்பரில் போட்டு ஜனவரியில் எடுத்து, மறுபடி டிசம்பரில் போடுகிற கெட்டிக்காரர்களுக்கு இரண்டாம் ஆண்டில் மீதி ஒன்றும் நிற்காது.

இரண்டாவது இனிப்பு, குறைந்த வருமானக் குடும்பத்துக்கு உள்ள ஈட்டு மானியம். குடும்ப வருமானம் மாதம் 4,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால், பிள்ளை உயர்கல்விக்கூடத்தில் சேர்ந்தபின், சேமிப்புக்கு ஈடாக ஒரு குடும்பத்துக்கு 10,000 வெள்ளி வரை என்று அறிவிக்கப்பட்ட சலுகை இது. இவர்களின் வருமானம் இன்று 3,900. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. இந்த வேகத்தில் பதினெட்டு ஆண்டு கழித்து இவர்கள் 4,000-க்குள் நிற்கப்போவதில்லை. விதியும் அதுவரை மாறாமல் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கிடைத்தால் நல்லது, ஆனால் கணக்கில் சேர்க்கக்கூடாது.

இனி நூறு வெள்ளி என்ன ஆகும் என்று பார்ப்போம். மாதம் 100 வெள்ளி, பதினெட்டு ஆண்டு, 3.5 விழுக்காடு. கையிலிருந்து போவது 21,600. கடைசியில் இருப்பது சுமார் 30,000. நம் குறி 48,000. இதைச் சொன்னதும் இருவர் முகமும் தொங்கிவிட்டது. பெரும்பாலான விளம்பரத் தாள்கள் 30,000 என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளும், ஏனென்றால் விலைவாசி ஏற்றத்தைப் பக்கத்தில் எழுதினால் விற்பனை நடக்காது.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளையின் பிறந்த நாள் மாதத்தில், மாதத் தொகையைப் பத்து வெள்ளி கூட்டுங்கள். முதல் ஆண்டு 100, அடுத்த ஆண்டு 110, அதற்கடுத்து 120. பதினெட்டாவது ஆண்டில் 270 வெள்ளி கட்டுவீர்கள். இன்று 270 என்றால் பயமாக இருக்கும். ஆனால் அப்போதைய சம்பளம் இன்றைய சம்பளமாக இருக்காது. இப்படிச் செய்தால் கையிலிருந்து போவது ஏறத்தாழ 40,000, சேர்ந்திருப்பது சுமார் 52,000. லாப ஈவு 3 விழுக்காடாக இறங்கினாலும் 50,000 நிற்கும். குறியைத் தாண்டிவிட்டோம். லாப ஈவு அரை விழுக்காடு கூடுவதும் குறைவதும் இரண்டாயிரம் வெள்ளிதான் மாற்றுகிறது. அந்தப் பத்து வெள்ளி ஏற்றம் இருபத்திரண்டாயிரத்தை மாற்றுகிறது. எங்கே லாபம் அதிகம் என்று தேடி அலைபவர்களுக்கு இந்த இரண்டு எண்ணையும் நான் காட்டுவது வழக்கம்.

தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்றும் மனைவி கேட்டார். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது தொடங்கினால், அதே 48,000-க்கு மாதம் சுமார் 435 வெள்ளி வேண்டும். இரண்டு சம்பளமும் ஏறியிருந்தாலும், அந்த வயதில் டியூஷன் கட்டணமும் தம்பி தங்கையும் சேர்ந்திருக்கும் வீட்டில் அது கிளம்பாது.

மாதாமாதம் தவறாமல் கட்டுவது நம் ஆட்களால் ஆகுமா என்று சிலர் ஏளனமாகக் கேட்பார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளித் தவணையில்தான் நூறு வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி சிறிய காசு இல்லை. அந்தக் காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். தவணை கட்டத் தெரியாத சமூகம் அல்ல இது. இருந்தாலும் மனவுறுதியை நம்பாதீர்கள். சம்பளம் விழும் வங்கிக் கணக்கிலிருந்து மறுநாளே தானாகப் போகும்படி நிலையான உத்தரவு போட்டுவிடுங்கள், அல்லது முதலாளியிடம் சம்பளப் பிடித்தமாகக் கேளுங்கள்.

கைபேசியில் myPTPTN செயலியிலேயே கணக்குத் திறக்கலாம், மலையிலிருந்து குவாந்தான் வரை போக வேண்டியதில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் மைகார்டும் கையில் இருக்கட்டும். பத்து வெள்ளி ஏற்றம் தானாக நடக்காது, வங்கி உத்தரவை ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள்தான் மாற்ற வேண்டும். திட்டம் சத்தமில்லாமல் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பிள்ளை ஆறாம் ஆண்டில் படிக்கும்போதும் நீங்கள் நூறு வெள்ளியே கட்டிக்கொண்டிருந்தால், கணக்கு ஒழுங்காக ஓடுவதுபோலத் தெரியும், ஆனால் குறி கைநழுவிப் போய்க்கொண்டிருக்கும். அறிக்கையில் இப்படிச் சரிபார்க்கலாம்: ஆறு வயது முடியும்போது சுமார் 10,000 இருக்க வேண்டும், பன்னிரண்டு முடியும்போது 27,000 பக்கம். அதில் கால்வாசி குறைந்திருந்தால், எங்கோ தவணையையோ பத்து வெள்ளி ஏற்றத்தையோ விட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு ஆபத்து சம்பள நாளில் மலையேறி வரும். கையில் கோப்போடு ஓர் ஏஜெண்ட், கல்விக் காப்புறுதி என்று ஒரு திட்டம். அது மோசடி இல்லை. ஆனால் அந்த வகைப் பத்திரங்களில் முதல் சில ஆண்டுப் பிரிமியத்தில் கணிசமான பங்கு கமிஷனுக்கும் கட்டணத்துக்கும் போகிறது. மூன்றாம் ஆண்டில் வேலை போய், கட்ட முடியாமல் சரண்டர் செய்தால் கட்டியதில் கொஞ்சம்தான் திரும்பும். நிலையில்லாத வருமானக்காரருக்கு இது பொருந்தாது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் விளக்கத் தாளில் இரண்டு பத்தியைத் தேடுங்கள். ஒன்று உத்தரவாதமான தொகை, மற்றது எதிர்பார்க்கும் தொகை. ஏஜெண்டின் விரல் எப்போதும் இரண்டாவதன்மேல் இருக்கும். நீங்கள் முதலாவதைப் படியுங்கள், மூன்றாம் ஆண்டுச் சரண்டர் மதிப்பையும் படியுங்கள்.

கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம்தான், இவ்வளவு மலிவான கடன் எளிதில் கிடைக்காது. தகுதி விதிகளுக்கு உட்பட்டு, முதல் வகுப்பில் தேறினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்தே விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரிக்குப் போனால் கட்டணத்துக்கு இந்தக் கடன் வேண்டியிருக்கும். ஆனால் முதல் தவணை, பிள்ளை பதிந்து சில வாரங்கள் கழித்துத்தான் கைக்கு வரும். அதற்குள் பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மெத்தை, மடிக்கணினி எல்லாம் கேட்கும். சேமிப்பு இல்லாத வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போவது அந்த வாரங்களில்தான்.

அந்த நாள் வந்ததும் மொத்தத்தையும் எடுத்துப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். எட்டு பருவம், பருவத்துக்கு 6,000 என்று எட்டு முறையாக எடுங்கள். உள்ளே இருக்கும் மீதிக்கு லாப ஈவு தொடர்ந்து வரும், பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் ஒரே நாளில் ஐம்பதாயிரமும் இருக்காது. முதல் தடவை மட்டும் மடிக்கணினிக்காகக் கூடுதலாக ஓர் இரண்டாயிரம் எடுத்துக்கொள்ளலாம்.

"உபகாரச் சம்பளம் கெடச்சு, இந்தப் பணமே தேவையில்லாமப் போச்சுன்னா?" என்று தம்பி கடைசியாகக் கேட்டார். பணம் போட்டவர் நீங்கள், எடுப்பதும் நீங்கள். இரண்டாவது பிள்ளை பிறந்தால் அதன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் வீடு வாங்கும்போது செஜாத்ராவிலிருந்து எடுக்கும் முன்பணத்தோடு சேருங்கள் என்றேன்.